யுபிஐயில் பணம் போய்விட்டது, கடையில் வரவில்லை என்கிறார்கள்: யாரிடம், எப்படிப் புகார் செய்வது?

கேள்வி: 2025 மார்ச் 8, சனிக்கிழமை இரவு ஒரு மருந்துக் கடையில் கியூஆர் ஸ்கேன் செய்து 1,860 ரூபாய் கட்டினேன். என் வங்கிக் கணக்கில் உடனே பணம் எடுத்துவிட்டார்கள். கடையில் வரவில்லை என்றார்கள். மருந்து அவசரம் என்பதால் ரொக்கம் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். செயலியில் இரவு முழுவதும் Processing என்று இருந்தது, மறுநாள் Success என்று மாறிவிட்டது. செயலியில் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள், வங்கியில் கேட்டால் செயலியைக் கேளுங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

உங்கள் பணம் இப்போது பெரும்பாலும் உங்கள் வங்கியிடமும் இல்லை, செயலியிடமும் இல்லை. கடையின் தரப்பில் இருக்கிறது. ஆகவே அது தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் கடைக்குப் போய், பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அவர்கள் திருப்பித் தர மறுத்தால், ‘பணம் எடுக்கப்பட்டது, கடைக்குச் சேரவில்லை’ என்று புகார் எழுதாமல், ‘அதே பில்லுக்கு ரொக்கமாகவும் பணம் செலுத்தியிருக்கிறேன்’ என்று எழுதுங்கள். இந்த இரண்டும் வெவ்வேறு புகார்கள். வெவ்வேறு விதமாகத் தீர்க்கப்படுபவை. முதல் வகையில் எழுதினால், ‘உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது’ என்ற ஒரு வரிப் பதிலோடு புகாரை முடித்துவிடுவார்கள்.

ஏன் இப்படி என்பதற்குப் பணம் போகும் பாதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். நீங்கள் ரகசிய எண்ணைப் போட்டதும் செயலி தன்னோடு இணைந்துள்ள வங்கி வழியாகக் கோரிக்கையை, யுபிஐயை நடத்தும் நிறுவனமான என்பிசிஐக்கு அனுப்புகிறது. என்பிசிஐ உங்கள் வங்கியிடம் 1,860 ரூபாயைப் பற்று வைக்கச் சொல்கிறது. உங்கள் வங்கி ‘வைத்தாயிற்று’ என்றதும், கடையின் வங்கியிடம் அதே தொகையை வரவு வைக்கச் சொல்கிறது. அந்த வங்கி ‘வைத்தாயிற்று’ என்று பதில் சொன்ன பிறகுதான் உங்கள் திரையில் பச்சை நிற டிக் வருகிறது. கடையின் சவுண்ட் பாக்ஸ் பேசுவது இதற்கும் பிறகு வரும் தனி ஏற்பாடு. அந்தக் கடைக்கு கியூஆர் அட்டை கொடுத்த நிறுவனம் தன் சர்வரிலிருந்து அனுப்பும் செய்தி அது. சவுண்ட் பாக்ஸின் சிம்முக்கு சிக்னல் இல்லாமல் போனாலே அது பேசாது. எனவே பெட்டி பேசவில்லை என்பது பணம் வரவில்லை என்பதற்குச் சான்றாகாது.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான் வருகிறது. உங்கள் வங்கி பற்று வைத்துவிட்டது. கடையின் வங்கியிடமிருந்து குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. அந்த வங்கி உண்மையில் வரவு வைத்துவிட்டு, பதில் மட்டும் வழியில் நின்றுவிட்டதா, அல்லது வரவே வைக்கவில்லையா என்பது அந்த நொடியில் யாருக்கும் தெரியாது. உங்கள் பணத்தை உடனே திருப்பினால், கடைக்கு ஏற்கெனவே வரவாகியிருக்கும் பட்சத்தில் இரண்டு இடத்திலும் பணம் இருக்கும். அதனால்தான் பரிவர்த்தனையை நடுவில் நிறுத்தி வைக்கிறார்கள். நீங்கள் பார்த்த Processing அதுதான். சில செயலிகளில் Pending என்றிருக்கும். பின்னர் கடையின் வங்கி தன் கணக்குகளைச் சரிபார்த்து, வரவு வைத்ததை உறுதி செய்யும். இல்லையென்றால் தொகையைத் திருப்பி அனுப்பும். உறுதி செய்தால் நிலை Success என்றும், திருப்பினால் Failed என்றும் மாறும். உங்களுடையது ஞாயிறன்று Success ஆனது என்பதன் பொருள், கடையின் வங்கி ‘பணம் எங்களிடம் வரவாகியிருக்கிறது’ என்று சொல்லிவிட்டது என்பதே. மருந்துக் கடைக்காரர் சனிக்கிழமை இரவு பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தன் கணக்கைத் திரும்பிப் பார்த்திருக்கவும் வாய்ப்பு குறைவு.

இனி அந்த 12 இலக்க எண். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் இரண்டு மூன்று எண்கள் தெரியும். எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாளம் ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் செயலி தன் தேவைக்காகக் கொடுப்பது, அதை வைத்து வங்கியிலோ கடையிலோ தேடினால் கிடைக்காமல் போகலாம். UPI Ref No., UTR அல்லது UPI transaction ID என்ற பெயரின் கீழ் முழுக்க எண்களாலான 12 இலக்கம் ஒன்று இருக்கும். உங்கள் வங்கி, என்பிசிஐ, கடையின் வங்கி எல்லாரிடமும் பொதுவாக இருப்பது அதுதான். பொதுவாக அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். 2025 மார்ச் 8 அந்த ஆண்டின் 67ஆவது நாள் என்பதால், உங்கள் எண் 5067 என்று தொடங்க வேண்டும். வேறு நாளின் பரிவர்த்தனையைத் தவறாக எடுத்துப் புகார் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதைத் தவிர்க்க இது எளிய சோதனை. வங்கிக் கணக்கு அறிக்கையிலும் இதே எண்ணைத்தான் பார்க்க வேண்டும். வங்கிக்கு வங்கி அமைப்பு மாறினாலும், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
08-03-2025  UPI/DR/506741238907/...   1,860.00 Dr
```

இதே எண்ணோடு பின்னால் ஒரு வரவு வரி இருந்தால் பணம் திரும்பிவிட்டது என்று பொருள். குறுஞ்செய்தியை நம்பி முடிவுக்கு வராமல், மார்ச் 8 முதல் இன்று வரையிலான அறிக்கையை இறக்கி இதை முதலில் பாருங்கள். பற்று மட்டுமே இருந்தால் அந்த அறிக்கையின் நகலோடு கடைக்குச் செல்லுங்கள்.

கடையில் கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் தங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து 1,860 ரூபாய் என்ற தொகையைத் தேடி, ‘பாருங்கள், இல்லை’ என்று காட்டுவார்கள். பல நேரம் அங்கே அது தனியாக இருக்காது. கியூஆர் அட்டை கொடுத்த நிறுவனம் பல கடைகளில் அன்றைய வசூலைத் தன் கணக்கில் வாங்கி, மொத்தமாகச் சேர்த்து ஒரே தொகையாகக் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறது. நாள் முழுக்க வந்த 70 பரிவர்த்தனைகளும் அறிக்கையில் ஒரே வரியாக இருக்கும். அவர் பார்க்க வேண்டியது அந்த நிறுவனம் வியாபாரிகளுக்கென்று கொடுத்திருக்கும் செயலியில் உள்ள தனித்தனிப் பட்டியலை. அதிலும் மார்ச் 8இல் மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. உறுதி மறுநாள்தான் வந்தது என்பதால் மார்ச் 9, 10 ஆகிய நாள்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். 12 இலக்க எண்ணைத் தேடல் கட்டத்தில் போட்டுத் தேடுவதே பாதுகாப்பானது.

அப்போதே உங்கள் ரசீதில் பணம் பெற்றவர் பெயர் என்று என்ன இருக்கிறது என்பதையும் கடைக்காரரிடம் காட்டுங்கள். ஒரே மேசையில் இரண்டு மூன்று அட்டைகள் இருக்கும் கடைகளில், ஒன்று உரிமையாளரின் தனிப்பட்ட கணக்குக்கோ, பங்குதாரரின் கணக்குக்கோ, பழைய வங்கிக் கணக்குக்கோ போவது உண்டு. கடையில் நிற்கும் பணியாளர் கையில் இருப்பது வேறு அட்டையின் செயலியாக இருக்கும். பெயரே கடைக்குச் சம்பந்தமில்லாததாக இருந்தால், யாராவது அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது மோசடி, அதற்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

பட்டியலில் தொகை கிடைத்துவிட்டால், வியாபாரிச் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து ரீஃபண்ட் கொடுக்க வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கொடுத்தால் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே போகும். இரு தரப்புக்கும் பதிவும் இருக்கும். ரொக்கமாகத் திருப்பித் தந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பில்லின் மேல் ‘யுபிஐ தொகை ரொக்கமாகத் திருப்பித் தரப்பட்டது’ என்று எண்ணோடு எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது கடைக்காரருக்குச் செய்யும் நியாயம். அதற்கு முன்பே செயலியில் புகார் போட்டிருந்தால் அதைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும். இல்லையேல் அதே தொகை கடையின் கணக்கிலிருந்து இரண்டாம் முறை பிடிக்கப்படலாம்.

கடையில் தேடியும் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் தர மறுக்கிறார்கள் என்றால் புகாருக்குப் போகலாம். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அதற்குள் இருக்கும் உதவி அல்லது புகார் பகுதியிலிருந்தே தொடங்குங்கள். பொதுவான உரையாடல் பெட்டியில் எழுதினால் அது என்பிசிஐயின் புகார் அமைப்புக்குள் போகாமல் வாடிக்கையாளர் சேவையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். காரணம் கேட்கும் இடத்தில் மூன்று வகை பொதுவாக இருக்கும்: பணம் எடுக்கப்பட்டும் கடைக்கு உறுதிச்செய்தி வரவில்லை, பொருள் அல்லது சேவை கிடைக்கவில்லை, வேறு வழியில் பணம் செலுத்தப்பட்டது. உங்களுக்குப் பொருந்துவது மூன்றாவது. மருந்து கிடைத்திருக்கிறது, எனவே இரண்டாவது இல்லை. நிலை Success என்றிருப்பதால் முதலாவதை எழுதினால் கணினியே ‘உறுதி வந்துவிட்டது’ என்று முடித்துவைக்கும்.

இந்த மூன்றாவது வகைக்கு வலுவான சான்று ரொக்க பில்தான். அதில் நாள், நேரம், 1,860 ரூபாய், செலுத்திய முறை ரொக்கம் என்று அச்சாகியிருக்க வேண்டும். பல மருந்துக் கடைகளின் பில்லில் செலுத்தும் முறை அச்சாவதில்லை. அப்படியென்றால் கடைக்காரரிடம், ‘இந்தப் பில்லுக்கான தொகை ரொக்கமாகப் பெறப்பட்டது, யுபிஐ எண் இன்னதன் வழியே தொகை கிடைத்ததாக விற்பனை நேரத்தில் தெரியவில்லை’ என்று எழுதிக் கடை முத்திரை இடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர்கள் மறுப்பதில்லை, ஏனென்றால் அவர் எழுதுவது உண்மைதான். சான்று ஏன் முக்கியம் என்றால், உங்கள் வங்கி சார்ஜ்பேக், அதாவது கடையின் வங்கியிடம் தொகையைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை, எழுப்பியதும் கடையின் வங்கிக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு உண்டு. ‘விற்பனை நடந்தது, இதோ பில்’ என்று அவர்கள் ஒரு தாளை அனுப்பினால், அதே பில் ரொக்கத்துக்கானது என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் முடிவு பெரும்பாலும் கடைக்குச் சாதகமாகவே போகும். இந்த எல்லையை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

செயலியில் புகார் போட்ட அன்றே உங்கள் வங்கிக்கும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். என்பிசிஐ சொல்லும் வரிசை முதலில் செயலி, பிறகு செயலியோடு இணைந்த வங்கி, பிறகு உங்கள் வங்கி, பிறகு என்பிசிஐ என்பதுதான். ஆனாலும் வங்கிக்கு எழுதுவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டுமானால், ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர்கள் தந்த பதில் திருப்தி தராததாக இருக்க வேண்டும். உங்கள் வங்கி ஐயமின்றி அந்த வரம்புக்குள் வரும். பணப் பரிமாற்றச் செயலி வெறும் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கலாம். அதனிடம் மாதக்கணக்கில் எழுதிய மின்னஞ்சல்கள் அந்த 30 நாள் கணக்கில் சேராமல் போகலாம். ‘செயலியைக் கேளுங்கள்’ என்று கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னதற்கும் எந்தப் பதிவும் இல்லை. கிளையில் கடிதம் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள், அல்லது வங்கியின் இணையதளத்தில் பதிந்து புகார் எண் பெறுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை:

“என் கணக்கிலிருந்து 8-3-2025 அன்று யுபிஐ வழியே 1,860 ரூபாய் பற்று வைக்கப்பட்டது. பரிவர்த்தனை எண் 506741238907. அந்த நேரத்தில் பரிவர்த்தனை முடிவு தெரியாத நிலையில் இருந்ததாலும், கடைக்கு உறுதிச்செய்தி வராததாலும், அதே பில்லுக்கு ரொக்கமாகப் பணம் செலுத்தினேன். மறுநாள் பரிவர்த்தனை வெற்றி என்று காட்டப்பட்டது. ஒரே பில்லுக்கு இரு முறை பணம் செலுத்தப்பட்டுள்ளதால் இத்தொகைக்குச் சார்ஜ்பேக் எழுப்பிப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கு அறிக்கை, செயலியின் ரசீது, ரொக்க பில், கடையின் கடிதம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. பணம் கடையின் வங்கியில் வரவாகியுள்ளதா, எந்தத் தேதியில் என்பதையும் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வரவாகவில்லை என்று வங்கி சொன்னால் உங்கள் வழக்கே மாறிவிடும். அப்போது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்டு, அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்த காலவரம்பு விதி உங்களுக்கு உதவும். கடைக்குச் செலுத்திய யுபிஐ தொகை கணக்கில் எடுக்கப்பட்டும் கடைக்கு உறுதி வரவில்லையென்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் தொகை தானாகத் திருப்பப்பட வேண்டும் என்கிறது அந்த விதி. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தனிநபர் கணக்குக்கு அனுப்பிய தொகை வரவாகாமல் போனால் வரம்பு ஒரே நாள்தான். கடையில் வைத்திருந்தது உரிமையாளரின் தனிப்பட்ட கணக்கின் அட்டை என்றால் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பரிவர்த்தனை நாள் என்பது நாட்காட்டித் தேதி. மார்ச் 8 இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை, அதனால் திங்களிலிருந்துதான் கணக்கு என்று கிளையில் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. உங்கள் கெடு மார்ச் 13. பணம் மார்ச் 21இல் திரும்பியது என்று வைத்துக்கொண்டால், 14 முதல் 21 வரை 8 நாள், 800 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே அதை வரவு வைக்க வேண்டும் என்பது விதி. வராவிட்டால் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை என்று தேதியோடு குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.

பணம் குறித்த காலத்தில் கடையின் வங்கியில் சேர்ந்துவிட்டது, கடைக்காரர்தான் தரவில்லை என்ற நிலையில் இந்த 100 ரூபாய் பொருந்தாது. அது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கான இழப்பீடு. உங்களுக்கும் கடைக்கும் இடையிலான தகராறுக்கானது அன்று. இரண்டையும் கலந்து ஒரே கடிதத்தில் இழப்பீடு கேட்டால், வங்கி பொருந்தாத பகுதியைப் பிடித்துக்கொண்டு முழுப் புகாரையும் மறுக்க இடம் கிடைக்கிறது.

இதற்கிடையில் செயலியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி அழைக்க வேண்டாம். பணம் மாட்டிக்கொண்டவர்களைக் குறிவைத்தே போலி எண்களைப் பரப்புகிறார்கள். ரீஃபண்ட் வருவதற்கு ரகசிய எண் போடவோ, கியூஆர் ஸ்கேன் செய்யவோ, திரையைப் பகிரும் செயலியை இறக்கவோ ஒருபோதும் தேவையில்லை. அப்படி யாராவது கேட்டால் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள்.

செயலியும் வங்கியும் பதில் தராவிட்டால் என்பிசிஐயின் இணையதளமான npci.org.in இல் யுபிஐ புகார் பகுதியில் அதே 12 இலக்க எண்ணோடு பதியலாம். வங்கிக்கு எழுதி 30 நாள் கடந்தபின் அல்லது வங்கி மறுத்தபின், cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, விளக்கம் வேண்டுமென்றால் 14448 என்ற எண் இருக்கிறது. 30 நாளுக்கு முன்பே அங்கே போட்டால் அந்த ஒரே காரணத்துக்காகப் புகார் தள்ளுபடியாகும். வங்கி எழுத்தில் மறுத்துவிட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே இணைக்க வேண்டியவை முத்திரையிட்ட கடித நகல் அல்லது புகார் எண், வங்கியின் பதில், கணக்கு அறிக்கை, ரொக்க பில். புகாரில் எதிர்த்தரப்பாகக் கடையையோ செயலியையோ குறிப்பிடாமல், நீங்கள் எழுதிக்கொடுத்த உங்கள் வங்கியைக் குறிப்பிடுங்கள். சார்ஜ்பேக் எழுப்பினார்களா, எந்தக் காரணத்தின் கீழ் எழுப்பினார்கள், கடையின் வங்கி என்ன சான்று அனுப்பியது என்பதற்கு அவர்கள்தான் அங்கே பதில் சொல்ல வேண்டும்.